சிவப்பு உறைக்குள் 51 வெள்ளி

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வருடம். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குக் கல்யாணம், அவர் சீனர். சீனர்கள் சிவப்பு உறையில்தான் பணம் வைப்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். கடையில் பொன் எழுத்துப் போட்ட சிவப்பு உறை ஒன்று வாங்கினேன். 50 வெள்ளித் தாள் ஒன்றை வைத்து (இங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்பார்கள்), ஊர்ப் பழக்கத்தில் ஒரு வெள்ளிக் காசையும் போட்டு ஒட்டினேன். மொய் என்றால் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டாமா?

வெகுகாலமாக இங்கேயே இருக்கும் தமிழ் அண்ணன் ஒருவர் உறையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். காசு தட்டுப்பட்டது. “தம்பி, இது கல்யாணத்துக்கா, சாவுக்கா?” என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. 51 வெள்ளி சீனர்களின் துக்க வீட்டில் கொடுக்கும் தொகை. நமக்கு எது மங்கலக் கணக்கோ, அது அவர்களுக்கு அமங்கலக் கணக்கு. வேறு சமூகத்தாருக்குப் பரிசு கொடுக்கும்போது நாம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான். கண்டதையும் வாங்கிக் கொடுப்பதால் அல்ல. நம் ஊரில் மிக நல்லதென்று கருதும் பொருளைத் தேடித் தேடிக் கொடுப்பதால். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ புதிதாக வருகிறீர்கள், சீனரும் மலாய்க்காரரும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள் என்றால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவை உங்களுக்குப் பயன்படும்.

சரி, ஒரே எண் எப்படி இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது? நம் கணக்கில் நூறு என்பது பூச்சியத்தில் முடிந்துபோகிற எண். அதோடு ஒன்று சேர்த்தால் புதிதாகத் தொடங்குகிறது, உறவு தொடர்கிறது. சீனர்களின் கணக்கு வேறு. நல்லது ஜோடியாக வர வேண்டும். கல்யாணமே இருவர் சேர்வதுதானே? அதனால் சுபகாரியத்துக்கு இரட்டைப்படை. துக்கம் ஜோடியாக வந்துவிடக் கூடாது, இந்த ஒன்றோடு போகட்டும். அதனால் சாவு வீட்டுக்கு ஒற்றைப்படை. இரண்டு கணக்கிலும் நியாயம் இருக்கிறது. இடம் மாறிப் போட்டால்தான் வம்பு.

இரட்டைப்படை என்றால் எதுவும் சரியா? இல்லை, 4 கூடாது. சீன மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லும் சாவைக் குறிக்கும் சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும். இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சின்ன உறையில் இரண்டு வெள்ளித் தாள் இரண்டைச் சொருகிவிடுவார்கள். அது நான்கு வெள்ளி! ஒரு தாள் வையுங்கள், அல்லது மூன்று வையுங்கள். 8 மிக நல்ல எண்; அதன் ஒலி செல்வம் பெருகுவதைச் சொல்லும் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கல்யாண உறைகளில் 88, 108, 128, 168 என்ற தொகைகள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் அதுதான்.

அப்படியானால் கல்யாணத்துக்கு எவ்வளவு வைப்பது? ஊரில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டோம். இங்கே கேட்கலாம், எல்லோரும் கேட்கிறார்கள். சீனர் கல்யாண விருந்து பெரும்பாலும் ஓட்டலில், மேசைக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில் நடக்கும். அழைத்தவருக்கு ஓர் இருக்கைக்கு என்ன செலவோ, ஏறக்குறைய அதை ஈடுகட்டும்படி உறையில் வைப்பது வழக்கம். பெரிய ஓட்டல் என்றால் கூடும். சனி ஞாயிறு இரவு விருந்துக்கும் கூடும், பகல் விருந்துக்குக் குறையும். அதே கல்யாணத்துக்குப் போகும் சக ஊழியரிடம், “எல்லாரும் எவ்வளவு வைக்கிறீங்க?” என்று கேட்டுவிடுங்கள். மனைவியோடு போகிறீர்கள் என்றால் இரண்டு இருக்கைக்கு வையுங்கள். போக முடியாவிட்டால் தொகையைக் குறைத்து, உறையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.

என் 51 வெள்ளியில் இன்னொரு பிழையும் இருந்தது. ஓட்டல் விருந்துக்கு அது போதவே போதாது. அண்ணன் உட்கார வைத்து உறையைத் திருத்தினார். காசை எடுத்தாயிற்று. 50 வெள்ளித் தாளை எடுத்துவிட்டு 100 வெள்ளித் தாள் ஒன்று, இரண்டு வெள்ளித் தாள் நான்கு. மொத்தம் 108. கசங்காத தாளாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். உறையின் பின்பக்கம் என் பெயரை எழுதச் சொன்னார். விருந்துக் கூடத்தின் வாசலில் உறவினர் இருவர் மேசை போட்டு உட்கார்ந்து உறைகளை வாங்கிப் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். நம் மொய் நோட்டுதான், மாற்றமே இல்லை. பெயர் எழுதாத உறை யார் கணக்கிலும் சேராது.

இந்தச் சிவப்பு உறைக்கு இங்கே அங்பாவ் என்று பெயர் (ஹொக்கியன் என்னும் சீனக் கிளைமொழியில் ‘சிவப்புப் பொட்டலம்’). கொடுப்பது இரண்டு கையாலும். வாங்குகிறவர் உங்கள் முன்னால் பிரிக்கமாட்டார். உங்களுக்குத் தந்தால் நீங்களும் பிரிக்கக் கூடாது. இரண்டு கை என்பது மூன்று சமூகத்துக்கும் பொருந்தும். மலாய்க்காரர்களும் நம்மைப் போலவே இடக்கையால் கொடுப்பதை விரும்பமாட்டார்கள். எனவே சந்தேகம் வந்தால் வலக்கையில் பிடித்து இடக்கையால் தாங்கிக் கொடுங்கள், எங்கும் தப்பாகாது.

சீனர்களின் துக்க வீட்டுக்குப் போக நேர்ந்தால்? அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பந்தல் போட்டு, மூன்று நாள், ஐந்து நாள் என்று ஒற்றைப்படைக் கணக்கில் உடலை வைத்திருப்பார்கள். எழுத்தோ படமோ இல்லாத வெள்ளை உறை எடுத்துக்கொள்ளுங்கள். 31, 51, 71 என்பது போல ஒற்றைப்படையில் வைத்துப் பெயர் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்துக் கொடுப்பதானால், கடைசியில் வரும் மொத்தம் ஒற்றைப்படையா என்று பாருங்கள்; இரட்டைப்படையாக இருந்தால் யாராவது ஒரு வெள்ளி போட்டுச் சரிசெய்யுங்கள். சிவப்புச் சட்டை வேண்டாம். திரும்பும்போது சிவப்பு நூலும் ஒரு மிட்டாயும் தருவார்கள். பதற வேண்டாம், அது உங்கள் நன்மைக்குத்தான். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, நூலை விரலில் கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் நுழையுமுன் கழற்றிப் போட்டுவிடுங்கள்.

சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் சீனருக்கு வெள்ளை உறையில் பணம் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு அலுவலக உறை ஒன்றை எடுத்துப் பிறந்தநாள் பணத்தை வைத்துவிடத் தோன்றும். மூலையில் மஞ்சள் தடவினாலும் அது வெள்ளை உறைதான். பூவுக்கும் இதே கணக்கு. மல்லிகையும் செவ்வந்தியும் நமக்கு மங்கலம். வெள்ளைச் செவ்வந்திக் கொத்து சீனர்களுக்குச் சாவு வீட்டுப் பூ. உடம்பு சரியில்லாத சீன நண்பரைப் பார்க்கப் போகும்போது அதைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த சிக்கல் சுவர்க்கடிகாரம்.

புதுமனை புகுவிழாவுக்கு நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருள் அது. ஒரு வீட்டுக்கு ஐந்தாறு வந்து சேரும், இரண்டு மூன்று பிரிக்கப்படாமலே அடுத்த வீட்டு விழாவுக்குப் போய்விடும். எதிர்வீட்டில் ஒரு சீனக் குடும்பம் புதிதாகக் குடிவந்தபோது நானும் அதையே கொண்டுபோனேன். அங்பாவில் ஒருமுறை பட்டும் புத்தி வரவில்லை. வீட்டு அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, என் கையில் ஒரு வெள்ளிக் காசை வைத்து அழுத்தினார். “நான் உன்கிட்டேருந்து வாங்கிட்டேன், சரியா?” என்றார் ஆங்கிலத்தில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிகாரத்தின் விலை ஒரு வெள்ளி இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

சீனத்தில் ‘கடிகாரம் பரிசளிப்பது’ என்று சொன்னால், ‘இறுதிச் சடங்கு செய்து வழியனுப்புவது’ என்று சொல்வது போலவே ஒலிக்கும். இரண்டுக்கும் ஒரே உச்சரிப்பு, ‘ஸொங் ஜொங்’. புதுவீட்டுக்குள் காலடி வைத்த அன்று, வயதான மாமியார் இருக்கும் வீட்டில் நான் கொடுத்தது அதைத்தான். காசு கொடுத்ததும் அது பரிசு என்பது போய் வியாபாரமாகிவிடுகிறது. வாங்கிய பொருளில் தோஷம் இல்லை. என்னைச் சங்கடப்படுத்தாமல், தன் மனக்குறையையும் தீர்த்துக்கொள்ள அந்த அம்மா கண்ட வழி அது. உங்களுக்கும் யாராவது இப்படிக் காசு நீட்டினால் மறுக்காதீர்கள். “ஐயோ வேண்டாம் ஆன்ட்டி” என்று பெருந்தன்மை காட்டினால் பரிகாரத்தைக் கெடுத்துவிடுவீர்கள்.

கைக்கடிகாரமும் இதில் சேருமா? ஒலிக் கணக்குப்படி சேராது. கைக்கடிகாரத்துக்குச் சீனத்தில் வேறு சொல். ஆனாலும் நேரம் ஓடித் தீர்வதைக் காட்டும் பொருள் என்று தயங்குகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். இளைஞருக்கு என்றால் கொடுக்கலாம், பாட்டிக்கு வேண்டாம்.

தவிர்க்க வேண்டிய மற்ற பொருள்களில் பலவும் இப்படி ஒலியால் வந்தவை. குடையைக் குறிக்கும் சொல் ‘சிதறிப் பிரிவது’ போல ஒலிக்கும், அதனால் புதுமணத் தம்பதிக்குக் குடை ஆகாது. பேரிக்காயைப் பங்கிடுவது ‘பிரிவு’ என்று ஒலிக்கும், அதனால் பழக்கூடை வாங்கும்போது உள்ளே பேரிக்காய் இருக்கிறதா என்று பாருங்கள். செருப்பையும் ஷூவையும் குறிக்கும் சொல் தீமையைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கிறது. கத்தி, கத்தரிக்கோலுக்கு ஒலி ஆராய்ச்சி தேவையில்லை, உறவை வெட்டும் என்பது பார்த்தாலே தெரிகிறது. நம் வீடுகளிலும் கத்தியைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்வோமே! கைக்குட்டை அழுகைக்கு உரியது. ஆண்களுக்குப் பச்சைத் தொப்பி வேண்டவே வேண்டாம். மனைவி வேறொருவரோடு போய்விட்டவன் என்று கேலி செய்வதற்கு அவர்கள் மொழியில் அதுதான் வழக்கு.

எல்லாச் சீனரும் இதைப் பார்ப்பார்களா? பார்க்கமாட்டார்கள். என் அலுவலகத்தில் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள் கடிகாரக் கதையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் பரிசு போய்ச் சேர்வது வீட்டுக்கு. அங்கே அம்மாவும் பாட்டியும் இருக்கிறார்கள். நண்பருக்கு ஆட்சேபம் இல்லை என்பதை வைத்து வாங்காமல், அந்த வீட்டின் மூத்தவரை நினைத்து வாங்குங்கள். கிறிஸ்தவர்களான சீனர்கள் சகுனம் பார்க்கமாட்டார்கள் என்றும் முடிவுகட்ட வேண்டாம். எண்ணும் ஒலியும் அவர்களுக்கு மதம் அல்ல, மொழியோடு ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம்.

பிறகு எதைத்தான் கொடுப்பது? சீனப் புத்தாண்டுக்கு ஒருவர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் விடை எளிது. மாண்டரின் ஆரஞ்சு இரண்டு. ஒன்றல்ல, மூன்றல்ல, இரண்டு. காண்டனீஸ் பேச்சில் அந்தப் பழத்தின் பெயர் தங்கத்தைப் போல ஒலிக்கிறது. இரண்டு கையிலும் ஏந்திக் கொடுங்கள். நீங்கள் கிளம்பும்போது அவர்களும் இரண்டு பழம் தருவார்கள். நீங்கள் கொடுத்ததையே திருப்பித் தருகிறார்கள் என்று முகம் சுளிக்காதீர்கள்; வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அதன் பொருள். வீட்டில் பிள்ளைகளும் கல்யாணமாகாதவர்களும் இருந்து, உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், ஆளுக்கு ஒரு சின்ன அங்பாவ். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் 2, 6, 8, 10 வெள்ளி, எதுவும் போதும். புத்தாண்டு முதல் நாளோடு முடிவதில்லை, பதினைந்து நாள் ஓடும். முதல் வாரம் தவறினாலும் அடுத்த வாரம் போகலாம். புதுவீட்டுக்கு அன்னாசி வடிவத்தில் ஏதாவது வாங்கலாம். ஹொக்கியனில் அன்னாசியின் பெயரான ‘ஓங் லாய்’, செழிப்பு வருகிறது என்று ஒலிக்கிறது.

இனி மலாய் வீடு. இங்கே எண்ணையும் ஒலியையும் மறந்துவிடலாம். நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் பணம் கொடுப்பார்கள். அங்பாவைப் பார்த்து வந்த வழக்கம்தான், ஆனால் நான்கும் ஆகும், ஐந்தும் ஆகும். கல்யாணத்துக்கும் அப்படியே. கிளம்பும்போது பணத்தை மடித்தோ உறையில் வைத்தோ, வீட்டுக்காரரின் கையைக் குலுக்கும்போது உள்ளங்கைக்குள் சேர்த்துவிடுவார்கள். இதற்கு ‘சலாம் காவுட்’ என்று பெயர். எவ்வளவு என்று யாரும் பார்க்காதபடி கொடுப்பதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. மொய் விவரத்தை ஒலிபெருக்கியில் வாசிக்கக் கேட்டு வளர்ந்த எனக்கு முதல் தடவை ஏதோ லஞ்சம் கொடுப்பது போலத்தான் இருந்தது.

இங்கே கவனம் எல்லாம் சாப்பாட்டின் மேல். பன்றி இறைச்சியும் மதுவும் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவை கண்ணுக்குத் தெரியாமல் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதுதான் தெரிய வேண்டும்.

மிட்டாயிலும் கேக்கிலும் என்ன இருக்கப்போகிறது? இருக்கிறது. மெத்தென்ற மிட்டாய், ஜெல்லி, சில சீஸ் கேக் வகைகளில் ஜெலட்டின் இருக்கும் (விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் கூழ், பன்றியுடையதாகவும் இருக்கலாம்). கிறிஸ்துமஸ் பழக் கேக்கில் ரம் ஊற்றியிருப்பார்கள். உயர்ந்த விலைச் சாக்லேட்டுப் பெட்டியில் நான்கைந்து துண்டுக்குள் மதுபானம் நிரப்பியிருப்பார்கள். பழைய முறை மூன்கேக்கில் பன்றிக் கொழுப்புச் சேரும். அலுவலகத்துக்கு வரும் பரிசுக் கூடையில் பிஸ்கட்டுக்கு நடுவே ஒரு ஒயின் பாட்டில் நிற்கும். அந்தப் பாட்டிலை மட்டும் உருவிவிட்டுக் கூடையைக் கொடுத்தால் சரியாகிவிடாது.

எப்படித் தெரிந்துகொள்வது? பொட்டலத்தின் மேல் ஹலால் முத்திரை (இஸ்லாமிய முறைப்படி உண்ணத்தக்கது என்ற சான்று) இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூரில் இதைத் தருவது முயிஸ் என்னும் இஸ்லாமியச் சமய மன்றம், மலேசியாவில் ஜாக்கிம். சில கடைகளில் ‘பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்று எழுதி வைத்திருப்பார்கள். அது கடைக்காரர் சொல்வது, சான்று அல்ல. அவர் நேர்மையாகவே சொன்னாலும், பொருளில் மதுவோ வேறு விலங்கின் ஜெலட்டினோ இருக்கலாம், அதே அடுப்பில் வேறெதுவும் வெந்திருக்கலாம். உங்களுக்காக வாங்குவதானால் அந்த எழுத்துப் போதும். மலாய் வீட்டுக்கு என்றால் முத்திரையுள்ள கடைக்கு நடந்துவிடுங்கள்.

நாம் சுட்ட முறுக்கைக் கொடுக்கலாமா? தீபாவளி வந்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சைவப் பலகாரம்தானே, தாராளமாகக் கொடுக்கலாம். பெரும்பாலான மலாய்க் குடும்பத்தினர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், முறுக்கு அவர்கள் கடைகளிலேயே விற்கிறது. ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது, படைத்ததைக் கொடுக்காதீர்கள். சாமிக்கு முன் வைத்து எடுத்த பலகாரத்தைக் கொடுப்பதுதான் நமக்கு விசேஷம். முஸ்லிம்களுக்கு வேறு தெய்வத்துக்குப் படைத்தது உண்ணத் தகாதது. உங்கள் மனம் நோகக் கூடாதென்று வாங்கிக்கொண்டு, சாப்பிடவும் முடியாமல், தூக்கிப்போடவும் முடியாமல் தவிப்பார்கள். எங்கள் வீட்டில் சுட்டவுடனேயே அக்கம்பக்கத்துக்கு உரியதைத் தனி டப்பாக்களில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைப் பூசையறைக்குக் கொண்டுபோகிறோம். கொடுக்கும்போது “இது படைச்சது இல்ல, தனியா எடுத்து வச்சது” என்று சொல்லிவிடுவோம். கிறிஸ்தவ நண்பர்களில் சிலருக்கும் இந்த ஒரு வார்த்தை நிம்மதி தரும். கோயில் பிரசாதத்துக்கும் இதேதான்.

இரண்டாவது, பாத்திரம். நீங்கள் வீட்டில் கறி சமைப்பவர் என்றால், ஹலால் அல்லாத இறைச்சி வெந்த சட்டியில் பலகாரம் செய்தீர்களா என்ற தயக்கம் வரலாம். பிரியாணி செய்து கொடுத்தால், இறைச்சியை ஹலால் கடையில் வாங்கியிருந்தாலும், அந்தத் தயக்கம் கூடும். புது டப்பாவில் கொடுப்பது கொஞ்சம் உதவும். மலாய்ப் பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மூத்த பெண்களை அப்படித்தான் அழைக்கிறோம்) நான் முதல் வருடம் நேராகவே கேட்டேன்: “எங்க வீட்டுல செஞ்சது சாப்பிடுவீங்களா, கடையில வாங்கித் தரவா?” முறுக்கு, அதிரசம் போதும், குழம்பு வேண்டாம் என்றார். பிறகு எத்தனையோ தீபாவளி ஆகிவிட்டது, யாருக்கும் குழப்பமில்லை. தயங்குகிறவர்களுக்குப் பழமோ பேரீச்சம்பழப் பெட்டியோ கொடுங்கள். நோன்பு மாதத்தில் கொடுப்பதானால் மாலை ஏழு மணி நோன்பு திறப்பை ஒட்டிக் கொண்டுபோங்கள்.

அடுத்து, சாப்பாடு அல்லாத பொருள்கள். பிள்ளையார் சிலை, நடராசர் சிலை, குத்துவிளக்கு எல்லாம் நமக்கு உயர்ந்த பரிசு. முஸ்லிம் வீட்டில் சிலையை வைக்க இடமில்லை. நாய்ப் படம் போட்ட கோப்பை, பன்றி வடிவ உண்டியல் இரண்டும் குழந்தைகளுக்காக அறியாமல் வாங்கப்படுபவை. பட்டுத் துணியும் தங்க நகையும் முஸ்லிம் பெண்களுக்குத் தடையில்லை, ஆண்களுக்குத் தடை உண்டு. ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவர நினைத்தால் மக்சிக்குக்குப் பட்டுத் துணி வாங்குங்கள், அவர் கணவருக்குப் பருத்தி வாங்குங்கள். வாசனைத் திரவியம் என்றால் ஆல்கஹால் கலக்காத அத்தர் பாதுகாப்பு.

ஹலால் முத்திரை இருந்தால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா? அப்படியும் இல்லை. தீட்சை பெற்ற சீக்கியர்களுக்கு அந்த முறையில் அறுத்த இறைச்சி கூடாது, புகையிலையும் ஆகாது. சீனர்களிலும் குவான் இன் அம்மனை வழிபடுவோர் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். சிலர் குறிப்பிட்ட நாள்களில் சைவம், அதிலும் வெங்காயம் பூண்டு சேர்க்காத சைவம். உங்கள் மசால் வடை சைவம்தான், ஆனால் அவர்களுக்கு அன்றைக்கு ஆகாது. இறைச்சி சேர்ந்த எதையும் பரிசாக எடுத்துப்போகாமல் இருந்துவிட்டால் இந்தத் தலைவலியில் முக்கால்வாசி போய்விடும்.

கடைசியாக, அவர்கள் உங்களுக்குத் தரும்போது என்ன செய்வது? சீனப் புத்தாண்டில் எதிர்வீட்டிலிருந்து ஒருநாள் சிவப்புப் பையில் பளபளவென்று ஒரு பொட்டலம் வரும். உள்ளே பக்குவா (நெருப்பில் வாட்டிய இனிப்பான பன்றி இறைச்சித் தகடு). அந்தக் கடைகளில் பண்டிகைக்கு முன் மணிக்கணக்கில் வரிசையில் நின்று வாங்குவார்கள், விலையும் அதிகம். வீட்டில் யாரும் தொடமாட்டோம் என்றாலும் வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். அன்றைக்கே அலுவலகத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். கொஞ்ச நாள் கழித்து மின்தூக்கியில் அந்த அம்மாவைப் பார்க்கும்போது, “ஆன்ட்டி, நாங்க வீட்டுல சைவம். அலுவலகத்துல எல்லாரும் ரசிச்சுச் சாப்பிட்டாங்க” என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் சொன்னோம். மறுவருடம் அன்னாசி டார்ட் வந்தது, பன்றிக் கொழுப்பு இல்லாமல் வெண்ணெயில் செய்தது என்று அவரே மூடியில் எழுதி ஒட்டியிருந்தார்.